முதல் தகவலில் விலை எழுதலாமா?

(காப்பாரில் சிறுதொழில் நடத்துவோர் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்துக்கோ குடும்பத்துக்கோ முதன்முதலாக எழுதுகிறோம். "நாங்கள் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறோம், லாரி ஓட்டுகிறோம், வயரிங் வேலை எடுக்கிறோம், எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று கேட்கிறோம். அந்த முதல் தகவலிலேயே விலையைச் சொல்லிவிடலாமா, அவர்களாகக் கேட்கும்வரை பொறுத்திருக்கலாமா? நம் வட்டாரத்தில் இதற்குப் பழகிப்போன ஒரு பதில் இருக்கிறது. "முதலில் ஆளைப் பிடி, விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பார்கள். பெரும்பாலான சின்ன வேலைகளுக்கு இந்தப் பதில் தவறு என்பது என் முடிவு. ஏன் தவறு, எந்த வேலைகளுக்கு மட்டும் அது சரி என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

மேரு பக்கம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். நீங்கள் அனுப்பும் கடிதங்களையும் புலனச் செய்திகளையும் வாங்கிப் படிக்கும் இடத்தில் இருந்தவன் நான். அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏர்கோன் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வரும். மூன்று இடத்தில் விலை கேட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலாளர் முன்னால் வைக்க வேண்டும். அது என் வேலையில் ஒரு சிறு துண்டு. அதே நாளில் ஃபோர்க்லிஃப்ட் டயரும் பார்க்க வேண்டும், அட்டைப்பெட்டி ஆர்டரும் போட வேண்டும். நான் என்ன செய்வேன்? ஏற்கெனவே வந்து கிடக்கும் கடிதங்களை எடுப்பேன். எதில் ஒரு எண் இருக்கிறதோ அது கட்டத்துக்குள் ஏறிவிடும். "சிறந்த சேவை, நியாயமான விலை, மேல் விவரங்களுக்கு அழைக்கவும்" என்று மட்டும் இருந்தால் அதை ஏற்ற இடமில்லை. அழைத்துக் கேட்கலாம்தான். ஆனால் எண்ணுடன் இரண்டு கடிதம் கையில் இருந்தால், மூன்றாவதற்கு நான் பழக்கமான ஒருவரைத்தான் அழைப்பேன். விலை எழுதாதவர் அதிக விலைக்காரர் என்று நான் ஒருநாளும் முடிவு கட்டியதில்லை. அவரைப் பற்றி முடிவெடுக்கும் கட்டத்துக்கே நான் போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. எந்த நிறுவனத்திலும் ஒரு மேலாளர் தன் கையெழுத்திலேயே செலவிடக்கூடிய ஒரு வரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும், காரணம் எழுத வேண்டும், அடுத்த மாதம்வரை காத்திருக்கவும் நேரலாம். வரம்பு 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை ஏறக்குறைய 1,200 என்று தெரிந்தால் அவர் அன்றைக்கே பேசுவார். எவ்வளவு என்றே தெரியாத வேலையை அவர் தொடவே தயங்குவார். தொட்ட பிறகு 2,000 என்று வந்தால், மேலே போய் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

வீட்டுக்காரர்கள் விஷயத்தில் காரணம் வேறு. அங்கே கூச்சம் இருக்கிறது. சுங்கை காப்பார் இண்டாவில் ஒரு குடும்பம் இரண்டு ஏர்கோனைக் கழுவ வேண்டும் என்று நினைக்கிறது. கையில் 200 வெள்ளி இருக்கிறது. விலை தெரியாமல் அழைத்து, ஆள் வந்து பார்த்து, பிறகு "இவ்வளவா? வேண்டாம் தம்பி" என்று சொல்ல வீட்டில் உள்ள அம்மாவுக்கு மனம் வராது. வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவது நம் வீடுகளில் சங்கடமான காரியம். அதனால் அவர் அழைக்கவே மாட்டார். அந்த வாடிக்கையாளரை இழந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

முகநூலில் பொருளின் படத்தைப் போட்டு, விலையைக் கேட்டால் "பி.எம். தெப்பி" என்று பதில் எழுதும் வழக்கம் இந்த நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தனிச் செய்தியில் வாருங்கள், விலை சொல்கிறேன் என்பது அதன் பொருள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் கீழ் மின்வணிகத்துக்காக 2012-இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2013 ஜூலை முதல் நடப்பில் இருந்தன. இணையத்தில் பொருளோ சேவையோ விற்பவர் தன் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள் ஆகியவற்றோடு போக்குவரத்துச் செலவும் வரியும் சேர்ந்த முழு விலையையும் வெளியிட வேண்டும் என்று அவை கேட்டன. உள்நாட்டு வாணிப அமைச்சு "பி.எம். தெப்பி" வேண்டாம் என்று பலமுறை எச்சரித்ததற்கு இதுதான் அடிப்படை. இந்தச் சட்டம் பயனீட்டாளருக்காக எழுதப்பட்டது. ஒரு தொழிற்சாலைக்கு நீங்கள் தனியாக எழுதும் வணிகக் கடிதத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த எச்சரிக்கைகள் மக்களின் எதிர்பார்ப்பை மாற்றியிருக்கின்றன. விலையை மறைப்பவர் ஆளைப் பார்த்து விலை சொல்வார் என்ற சந்தேகம் இன்று வலுவாக இருக்கிறது.

சரி, விலை எழுதலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். எந்த எண்ணை எழுதுவது? இங்கேதான் நம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். இதற்கு ஏர்கோன் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் செலவை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வேன், இரண்டு ஆள். இருவருக்கும் நாள் சம்பளம் 200 வெள்ளி. வேன் தவணையும் தேய்மானமும் 60. பெட்ரோல், டோல் 40. கழுவும் மருந்து, சாமான் 30. காப்பீடு, போன், கணக்கு எழுதும் செலவு 30. ஆக, வேன் காலையில் வாசலைத் தாண்டினாலே 360 வெள்ளி செலவு. இனி வேலைக்கு வருவோம். சுவரில் மாட்டிய சாதாரண ஒரு குதிரைத்திறன் யூனிட்டுக்குப் பொது சர்வீஸ் செய்கிறீர்கள். எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒரு நாளில் எட்டு யூனிட் முடிக்கலாம். யூனிட்டுக்கு 80 வெள்ளி என்றால் 640 வரும், 280 மிச்சம். அதே எண்பது வெள்ளியை நம்பி நான்கு வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு யூனிட் என்று அழைத்தால் என்ன ஆகும்? கிள்ளானுக்கும் மேருவுக்கும் ஓடி ஓடி நான்குதான் முடியும். வருவது 320. வேலை செய்த நாளிலேயே 40 வெள்ளி நஷ்டம்.

ஆகவே "80 வெள்ளி முதல்" என்று மொட்டையாக எழுதினால் அது பாதி உண்மைதான். "ஒரே இடத்தில் மூன்று யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால், யூனிட்டுக்கு 80 வெள்ளி முதல், ஒன்றே ஒன்று என்றால் 120" என்று எழுதுங்கள். மூன்று யூனிட் உள்ள இடம் இரண்டு கிடைத்தால் 480 வரும், நாள் தாங்கும். ஒற்றை யூனிட் வீடு நான்கு கிடைத்தாலும் அதே 480 வரும். தொடக்க விலை என்பது அதோடு ஒட்டிய நிபந்தனையையும் சேர்த்துத்தான். நிபந்தனை இல்லாத தொடக்க விலை உங்களுக்குப் பொருந்தாத வாடிக்கையாளரைத்தான் தேடிக் கொண்டுவரும்.

இதற்கு நேர்மாறான தவறையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் அது ஒரு நோயாகவே இருக்கிறது. "சர்வீஸ் 50 வெள்ளி" என்று விளம்பரம் வரும். ஆள் வந்து கழுவிவிட்டு, "கேஸ் குறைவாக இருக்கிறது" என்று மீட்டரை நீட்டுவார். நம் நாட்டில் கேஸ் நிரப்புவதற்குப் பல இடங்களில் அழுத்த அளவைப் பார்த்து, ஒரு பி.எஸ்.ஐ.க்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வீட்டுக்காரருக்கு அந்த முள்ளின் பொருள் தெரியாது. ஐம்பது வெள்ளி வேலை 250, 300 என்று முடியும். ஏர்கோன் மூடிய குழாய்க்குள் ஓடும் இயந்திரம். கசிவு இல்லாமல் கேஸ் குறைவதில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேஸ் குறைவு என்று சொன்னால், கசிவைத் தேடாமல் காசு வாங்குகிறார்கள் என்று அர்த்தம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தவறான எண்ணம் தரும் விலைக் குறிப்பையும், 13-ஆம் பிரிவு தூண்டில் விளம்பரத்தையும் குற்றமாக்குகின்றன. "முதல்" என்று ஒரு விலையைப் போட்டுவிட்டு, அந்த விலையில் யாருக்கும் வேலை முடித்துத் தராதவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கடந்த மூன்று மாத ரசீதுகளை எடுங்கள். நீங்கள் எழுதப்போகும் தொடக்க விலையில், கூடுதல் எதுவும் இல்லாமல், நான்கில் ஒரு வேலையாவது முடிந்திருக்கிறதா? முடிந்திருந்தால் அந்த விலையை எழுதலாம். இல்லையென்றால் அது உங்கள் தொடக்க விலையே இல்லை.

ஒரே எண்ணை எழுதுவதைவிட "இதிலிருந்து இதுவரை" என்று எழுதுவது நல்லதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். "80 முதல் 100 என்றால் 80-ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள், 100 எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேனியல் ஏம்ஸ், மாலியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேரத்தில் ஒற்றை எண்ணைச் சொல்பவரையும் வரம்பைச் சொல்பவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தான் உண்மையில் விரும்பும் தொகையைக் கீழ்முனையாக வைத்து அதற்கு மேல் கொஞ்சம் விரித்துச் சொன்னவர்களுக்கு முடிவு சாதகமாக அமைந்தது. காரணம் சுவாரசியமானது. எதிரில் இருப்பவர் கீழ்முனைக்கும் கீழே இறங்கிக் கேட்பதை மரியாதைக் குறைவாக உணர்கிறார். வரம்பைச் சொன்னவர் தனக்கு இடம் விட்டுக் கொடுத்ததாக நினைக்கிறார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம், கீழ்முனை உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையாக இருக்க வேண்டும் என்பது. 80 வேண்டும் என்றால் "80 முதல் 100" என்று எழுதுங்கள். 80 வேண்டும் என்று நினைத்துக்கொண்டு "60 முதல் 80" என்று எழுதினால், அறுபதில்தான் பேச்சு தொடங்கும். வரம்பு மிக அகலமாகவும் இருக்கக் கூடாது. "80 முதல் 400 வரை" என்று வருவதை என் மேசையில் பார்த்திருக்கிறேன். அதில் தகவல் ஒன்றுமே இல்லை. அவ்வளவு அகலமாக வந்தால் இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். சுவர் யூனிட்டைத் தனியாகவும், கூரையில் பதித்த கேசட் யூனிட்டைத் தனியாகவும் எழுதினால் இரண்டு வரம்பும் தானாகச் சுருங்கிவிடும்.

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். சுவர் யூனிட் பத்து, கேசட் இரண்டு. சுவர் யூனிட் 80 முதல் 100. கேசட் 160 முதல் 200. பத்துக்கு 800 முதல் 1,000. இரண்டுக்கு 320 முதல் 400. ஆக 1,120 முதல் 1,400. எத்தனை யூனிட் இருக்கிறது என்று வெளியிலிருந்தே எண்ணிப் பார்த்து, இந்தக் கணக்கை இரண்டு வரியில் எழுதி அனுப்புபவர் எத்தனை பேர்? வெளியே தொங்கும் கம்ப்ரசர்களை எண்ணினாலே போதும். அப்படி ஒரு கடிதம் வந்தால், மேலாளரின் 1,500 வெள்ளி வரம்புக்குள் அடங்குகிறது என்று படித்த உடனே தெரிந்துவிடும்.

விலையை நிறுத்திவைக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றை மறைக்கக் கூடாது. ஏர்கோன் குளிரவில்லை என்று மட்டும் தெரிகிறது. கேஸ் கசிவா, கம்ப்ரசர் போய்விட்டதா, வெறும் கெப்பாசிட்டர் கோளாறா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. மிகக் குறைந்த செலவுக்கும் மிக அதிகமான செலவுக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வரலாம். பழைய கடைவீட்டில் புதிதாகக் குழாய் இழுக்கும் வேலையும் அப்படித்தான். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உடைத்த பிறகே தெரியும். இப்படிப்பட்ட வேலைக்கு முதல் தகவலில் ஒரு தொகையைப் போட்டால், ஒன்று நீங்கள் பயந்து அதிகம் போடுவீர்கள், இல்லை குறைத்துப் போட்டுப் பிறகு சண்டை போடுவீர்கள். அதேபோல, முத்திரையிட்ட விலைப்புள்ளி கேட்கும் நிறுவனத்துக்கு அதன் படிவத்தில், அதன் நாளில்தான் விலை போக வேண்டும்.

ஆனால் முழு விலையைச் சொல்ல முடியாத இடத்திலும் சொல்லக்கூடிய ஒரு விலை எப்போதும் இருக்கிறது. வந்து பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல 50 வெள்ளி. வேலையை எங்களுக்கே கொடுத்தால் அந்த 50 கழிக்கப்படும். பார்த்த அன்றே எழுத்தில் விலை தருவோம். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு திருகைக்கூடக் கழற்ற மாட்டோம். இதைச் சொல்லலாம். "கேஸ் கசிவை அடைத்து நிரப்பிய வேலைகள் சென்ற மாதம் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள் முடிந்தன" என்று உங்கள் ரசீதிலிருந்து ஓர் உண்மையையும் சொல்லலாம். எதிரில் இருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது, அழைத்தால் தனக்கு ஆகக்கூடிய குறைந்தபட்சச் செலவு எவ்வளவு என்பதைத்தான்.

விலை எழுதப் பயப்படுவதற்கு நம்மவர்கள் சொல்லும் முதல் காரணம், "பக்கத்துக் கடைக்காரன் பார்த்து ஐந்து வெள்ளி குறைப்பான்" என்பது. பார்க்கட்டும். அவர் உங்கள் விலையைத் தெரிந்துகொள்ள விரும்பினால் தன் மைத்துனரை விட்டு ஒரு போன் போடச் சொன்னால் போதும். நீங்கள் மறைப்பதால் தெரியாமல் போவது வாடிக்கையாளருக்கு மட்டும்தான். இதற்கு மருந்தாகச் சிலர், "காப்பாரில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஒரே விலைப்பட்டியல் போட்டுவிடலாமே" என்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது சட்டப்படி ஆபத்து. 2012 தொடக்கத்தில் நடப்புக்கு வந்த போட்டித்தன்மைச் சட்டம் 2010, போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வதைத் தடை செய்கிறது. சிறு வியாபாரிகள் என்பதால் விதிவிலக்குக் கிடைக்காது. கேமரன் மலைப் பூ உற்பத்தியாளர் சங்கம் உறுப்பினர்களோடு சேர்ந்து பூ விலையைப் பத்து விழுக்காடு உயர்த்த முடிவு செய்தபோது, மலேசியப் போட்டித்தன்மை ஆணையம் அதை அந்த 2012-ஆம் ஆண்டிலேயே விதிமீறல் என்று தீர்மானித்தது. உங்கள் விலையை நீங்கள் தனியாகப் போடுங்கள், வெளிப்படையாக எழுதுங்கள். கூடிப் பேசி நிர்ணயிக்காதீர்கள்.

எழுதும் விலைக்குத் தேதி போட மறக்காதீர்கள். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது. அதற்கு முந்தைய வாரம் விலை எழுதிக் கொடுத்த லாரிக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்கே தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அது பொருந்தியது. அனுப்பிய கடிதம் ஒரு கோப்பில் ஆறு மாதம் கிடந்து, ஏழாவது மாதம் அழைப்பு வரும். என் மேசையிலேயே அப்படி நடந்திருக்கிறது. "இவ்விலை இன்ன மாதக் கடைசிவரை" என்ற ஒரு வரி அந்த நாளில் உங்களைக் காப்பாற்றும்.

விலையை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கும்போது எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யாருக்கு எழுதினோம், விலை எழுதினோமா, என்ன பதில் வந்தது என்று குறித்து வையுங்கள். "எவ்வளவு?" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகத் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் விலையை மறைத்து அவர்களை வேலை வாங்குகிறீர்கள். விலை சொன்ன பிறகு பலர் அமைதியாகிவிட்டால், தவறான ஆட்களுக்கு எழுதுகிறீர்கள் அல்லது விலைக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லோரும் உடனே சரி என்றால், கீழ்முனை மிகத் தாழ்வாக இருக்கிறது. அடுத்த சுற்றில் பத்து வெள்ளி ஏற்றிப் பாருங்கள். கடைசி பில்லைக் கொடுக்கும்போது முகங்கள் மாறினால், நிபந்தனையை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். எந்தப் பதிலுமே வரவில்லை என்றால், அதற்கு விலை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். தகவல் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

முதல் தகவல் எப்படி இருக்கலாம் என்று ஒன்றை வாசிக்கிறேன். நிறுவனங்களுக்கு இதை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் அனுப்புவீர்கள். உள்ளடக்கம் இதுவே: "வணக்கம். காப்பாரிலிருந்து ஏர்கோன் சர்வீஸ் செய்கிறோம். உங்கள் கட்டடத்தின் வெளிப்புறத்தில் பன்னிரண்டு யூனிட் இருப்பதைப் பார்த்தோம். சுவர் யூனிட் பொது சர்வீஸ் 80 முதல் 100 வெள்ளி, கேசட் 160 முதல் 200. பத்து சுவர் யூனிட், இரண்டு கேசட் என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 1,120 முதல் 1,400. ஏணி எட்டாத உயரத்தில் வெளி யூனிட் இருந்தால் சாரம் கட்டும் செலவு தனி. கேஸ் இதில் சேராது. தேவை என்றால் மீட்டரைக் காட்டி, கசிவு இருக்கும் இடத்தையும் காட்டி, உங்கள் ஒப்புதல் பெற்ற பிறகே நிரப்புவோம். இவ்விலை இம்மாதக் கடைசிவரை. சனிக்கிழமையும் வேலை செய்யலாம்." இவ்வளவுதான். பிறகு பெயர், பதிவு எண், தொலைபேசி எண்.

கடைசியாக ஒன்று. ஒரு தங்கை சற்று முன் எழுதிக் கொடுத்த கேள்வி இது: "பழைய வாடிக்கையாளருக்கு யூனிட் 110 வெள்ளி வாங்குகிறேன், புதியவர்களுக்கு 80 முதல் என்று எழுதினால் பழையவர் பார்த்துவிட்டால் என்ன செய்வது?" கட்டாயம் பார்ப்பார். ஆகவே புதியவர்களுக்கு எழுதுவதற்கு முந்தைய வாரமே அவருக்கு எழுதிவிடுங்கள். அவர் வீட்டில் இரண்டே யூனிட்தான் என்றால், மூன்று யூனிட்டிலிருந்துதான் 80 என்ற நிபந்தனையையும் அதன் கணக்கையும் சொல்லுங்கள்; பக்கத்து வீட்டையும் சேர்த்து ஒரே நாளில் செய்தால் அவருக்கும் அதே விலை என்று சொல்லுங்கள். மூன்றோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் என்றால், அவருடைய அடுத்த பில்லிலிருந்தே 80 போடுங்கள்.